படுத்தால் என்ன, நின்றால் என்ன?

வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், அதன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு புத்தக அடுக்குகளின் மேல் பாலம்போல் அதைப் படுக்கவைத்து, நடுவில் ஒரு விரலால் அழுத்துங்கள். பூப்போல வளையும். இப்போது அதே அடிக்கோலை விளிம்பில் நிறுத்தி, சாயாமல் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு, நடுவில் மறுபடியும் அழுத்துங்கள். கையில் வலி தெரியுமே தவிர, கோல் வளைவது கண்ணுக்குத் தெரியாது.

பிளாஸ்டிக் மாறவில்லை, எடை மாறவில்லை, நீளமும் மாறவில்லை. 30 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள அடிக்கோலாக இருந்தால், நிறுத்தி வைக்கும்போது அது படுத்திருந்ததைவிட 100 மடங்கு விறைப்பாகிறது. கட்டுமானப் பொறியாளனாக நான் செய்யும் வேலையில் பாதி, இந்த ஒரு விஷயத்தை வேறு வேறு உருவில் கணக்குப் போடுவதுதான். ஆனால், இதை யாருக்காவது உட்கார வைத்து விளக்க வேண்டிய கட்டாயம் வந்தது சென்ற ஆண்டுதான். அதற்குக் காரணம் என் அக்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர்த் தடை புதிதல்ல. அக்கா வீடு ஒரு மாடி வரிசை வீடு. வீட்டோடு வந்த சிறிய தொட்டி ஐந்து பேருக்கு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அதை எடுத்துவிட்டு 200 கேலன் தொட்டி வைக்கலாம் என்று அத்தான் முடிவு செய்தார். தெரிந்த குத்தகையாளர் ஒருவரையும் பேசிவிட்டார். வயதானவர், கைவேலையில் கெட்டிக்காரர். இரண்டுக்கு ஆறு மெராந்திக் கட்டைகள் நான்கு வாங்கி இறக்கியாயிற்று. நான் போனபோது, அவர் அந்தக் கட்டைகளைப் பிள்ளைகளின் அறைக்கு மேலே, சுவருக்குச் சுவர் எட்டடி தூரத்துக்குப் போடத் தயாராக இருந்தார். நான்கையும் படுக்கவைத்து.

"ஏண்ணே, நிறுத்தி வைக்கலையா?" என்று கேட்டேன்.

"நிறுத்தினா ஆறு அங்குலம் போயிடும் தம்பி. தொட்டிக்கு மேல ஓடு இடிக்கும், மிதவை வால்வுல கை வைக்க முடியாது. படுக்கப் போட்டா ரெண்டு அங்குலந்தான். உருளவும் உருளாது. மரம் அதே மரந்தானே? படுத்தா என்ன, நின்னா என்ன?"

அவர் சொன்ன இரண்டு காரணங்களும் நியாயமானவை. கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவில் அந்த இடத்தில் உயரம் குறைவுதான். நிறுத்தி வைத்த கட்டை உருளக்கூடும் என்பதும் உண்மை. கடைசிக் கேள்விக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. ஏனென்றால் 200 கேலன் தண்ணீர் என்பது ஏறக்குறைய 909 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ. தொட்டியையும் அதன் அடிப்பலகையையும் சேர்த்தால் 960 கிலோ வரும். ஒரு மைவி காரின் எடைக்கு அருகில். அதன் கீழே இரண்டு கட்டில்கள்.

ஒரு கட்டை வளையும்போது அதற்குள் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க, பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச் ஒன்று போதும். அதன் பக்கவாட்டில் பேனாவால் மேலிருந்து கீழாகச் சில நேர்கோடுகள் போட்டுவிட்டு, நடு தொய்வதுபோல் வளையுங்கள். கோடுகள் மேற்பக்கத்தில் ஒன்றையொன்று நெருங்கும், அடிப்பக்கத்தில் விலகும். அதாவது, மேல்பகுதி நசுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓர் அடுக்கு நசுங்குவதும் இல்லை, இழுபடுவதும் இல்லை, வெறுமனே வளைகிறது. மரம், இரும்பு, கான்கிரீட் எதுவானாலும் இப்படித்தான். நம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நடக்கிறது, அவ்வளவே.

வளைவை எதிர்ப்பது எது? மேலே நசுங்கும் இழைகள் திருப்பித் தள்ளுகின்றன; கீழே இழுபடும் இழைகள் திருப்பி இழுக்கின்றன. நடுவில் உள்ள இழைகள் ஏறக்குறைய சும்மா இருக்கின்றன. எனவே மரம் எவ்வளவு இருக்கிறது என்பதைப்போலவே, அந்த மரம் நடு அடுக்கிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் முக்கியம்.

ஒரு கட்டையின் உயரத்தை இரு மடங்காக்கினால் மூன்று காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. முதலாவது, மரத்தின் அளவு இரு மடங்காகிறது. இரண்டாவது, விளிம்பில் உள்ள இழைகள் நடு அடுக்கிலிருந்து இரு மடங்கு தூரத்துக்குப் போய்விடுகின்றன. அதே வளைவுக்கு அவை இரு மடங்கு நீண்டாக வேண்டும்; ஆகவே இரு மடங்கு பலத்தோடு எதிர்க்கின்றன. மூன்றாவது, அந்த எதிர்ப்பு இரு மடங்கு தூரத்திலிருந்து வேலை செய்கிறது. கதவைக் கீல் பக்கத்தில் தள்ளுவதைவிடக் கைப்பிடிப் பக்கத்தில் தள்ளுவது எளிதாக இருக்கிறதே, அந்த நெம்புகோல் பலன்தான் இதுவும். இரண்டை மூன்று முறை பெருக்குங்கள்: எட்டு. உயரம் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு.

அகலத்தை இரு மடங்காக்கினால்? மரம் இரு மடங்காகிறது. அதோடு சரி. எந்த இழையும் நடு அடுக்கை விட்டுக் கூடுதல் தூரம் போகவில்லை. ஒரே மாதிரியான இரண்டு கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டதற்குச் சமம். விறைப்பு இரண்டே மடங்கு.

பொறியியல் மாணவர்கள் முதலாண்டில் மனப்பாடம் செய்யும் b × d³ ÷ 12 என்ற வாய்ப்பாட்டின் முழுக் கதையும் இதுதான். b என்பது அகலம், d என்பது உயரம். உயரத்தின் தலையில் ஏறி நிற்கும் அந்த மூன்று, மேலே சொன்ன மூன்று காரியங்கள்.

இதை அக்கா வீட்டு நான்கு கட்டைகளில் பார்ப்போம். 960 கிலோவை நான்காகப் பிரித்தால் ஒரு கட்டைக்கு 240 கிலோ. கட்டை 50-க்கு 150 மில்லிமீட்டர். சுவருக்குச் சுவர் எட்டடி, அதாவது 2,400 மில்லிமீட்டர். மெராந்தி மரத்தின் விறைப்புக்குச் சராசரியான ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, எடை முழுவதும் நடுவில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டேன். உண்மையில் தொட்டியின் அடிப்பாகம் எடையைச் சற்றுப் பரப்பும். ஆகவே இந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டும். வீட்டுக் காரியத்துக்கு அது நல்லதே.

நிறுத்தி வைத்தால் நடுவில் தொய்வு 5 மில்லிமீட்டர். படுக்க வைத்தால் 44 மில்லிமீட்டர். ஒன்றே முக்கால் அங்குலம்.

ஒன்பது மடங்கு வித்தியாசம். எண்களைப் போட்டுப் பார்க்காமலேயும் இதைச் சொல்லிவிடலாம்: கட்டையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட மூன்று மடங்கு. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது. அடிக்கோலில் பத்து மடங்கு. பத்தைப் பத்தால் பெருக்கித்தான் 100 வந்தது. மரத்தளங்களுக்கும் உத்தரங்களுக்கும் பொதுவாக ஆயிரத்துக்கு மூன்று பங்குத் தொய்வை அனுமதிப்பார்கள். எட்டடிக்கு அது 7 மில்லிமீட்டர். நிறுத்திய கட்டை அதற்குள் அடங்குகிறது. படுத்த கட்டை ஆறு மடங்கு தாண்டிவிடுகிறது.

"சரி தம்பி, கூட நாலு மரம் போட்டுடறேன்" என்றார் குத்தகையாளர். படுக்க வைத்துக்கொண்டே அந்த 5 மில்லிமீட்டருக்கு வர வேண்டுமானால் எத்தனை மரம் வேண்டும்? நான்கை ஒன்பதால் பெருக்க வேண்டும். 36 கட்டைகள். அந்த அறையில் அவற்றைப் பரப்ப இடமே இருக்காது. நான் இந்த எண்ணைச் சொன்னதும் அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். விறைப்பு வேறு, வலிமை வேறு. விறைப்பு என்பது எவ்வளவு வளைகிறது என்பதைப் பற்றியது. வலிமை, எப்போது முறிகிறது என்பதைப் பற்றியது. நிறுத்தி வைத்த இரண்டுக்கு ஆறு, படுத்ததைவிட ஒன்பது மடங்கு விறைப்பானது. ஆனால் மூன்று மடங்குதான் வலிமையானது. வலிமையில் உயரத்துக்கு இரண்டு பங்குதான், மூன்று பங்கு இல்லை. படுத்த கட்டை உடனே முறிந்து விழும் என்று நான் சொல்லவில்லை. ஆனால், அதன் இழைகள் நிறுத்தி வைத்ததைவிட மூன்று மடங்குச் சுமையை இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கும். ஒரு முடிச்சோ வெடிப்போ கரையானோ இருந்தால் சமாளிக்க மிச்சம் எதுவும் இருக்காது.

வலிமையைப் பற்றிய இந்தப் பகுதியைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் எழுதிவிட்டார். அடிக்கோலைப்போன்ற ஒரு பட்டையை நிறுத்தினால் அது ஏன் அதிகம் தாங்குகிறது என்று கேட்டு, அகலம் கனத்தைவிட எத்தனை மடங்கோ அத்தனை மடங்கு என்று சரியாகவே சொன்னார். வளையும்போது நடுவில் சும்மா இருக்கும் அந்த அடுக்கு எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. பிற்காலத்தவர் வந்துதான் அதைச் சரிசெய்தார்கள்.

அத்தான் வேறொரு யோசனை சொன்னார். "ரெண்டு பலகையை ஒன்னு மேல ஒன்னு படுக்கப் போட்டா, உயரம் ரெண்டு மடங்காயிடுமே? நீ சொன்ன எட்டு மடங்கு கிடைக்குமே?"

நல்ல கேள்வி. பதில், கிடைக்காது. ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை வளைத்து, அதன் விளிம்பைப் பாருங்கள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, விளிம்பு சாய்ந்துபோயிருக்கும். ஒவ்வொரு தாளும் தனித்தனியாகத் தன் நடு அடுக்கைச் சுற்றி வளைகிறது. சும்மா அடுக்கிய இரண்டு பலகைகளும் அப்படித்தான். இரண்டு பலகைக்கு இரண்டு மடங்கு. மூன்று பலகைக்கு மூன்று மடங்கு. அவை வழுக்காதபடி நல்ல பசையிட்டு, முழு நீளத்துக்கும் நெருக்கமாகத் திருகாணி முடுக்கி ஒரே கட்டையாக்கினால்தான் இரண்டு எட்டாகும், மூன்று இருபத்தேழாகும். நான்கைந்து ஆணி அடித்துவிட்டு ஒன்றாகிவிட்டது என்று நம்பக்கூடாது.

கடைசியில் வழி கிடைத்தது மரத்தில் இல்லை, இடத்தில். அந்த வீட்டில் அறைகளுக்கு நடுவே ஒரு நடைகூடம் இருக்கிறது. இரண்டு பக்கமும் செங்கல் சுவர், நடுவில் நான்கடி இடைவெளி. வீட்டின் நடுப்பகுதியில் இருப்பதால் கூரையின் முகடு அதற்கு மேலேதான் வருகிறது, உயரத்துக்குப் பஞ்சமில்லை. வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு சுவர்களுக்கும் அடியில் தரை உத்தரம் இருந்தது. வெறும் தடுப்புப் பலகைச் சுவராகவோ, தரைமேல் சும்மா எழுப்பிய சுவராகவோ இருந்திருந்தால் நான் ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். மாடி வீடுகளில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மேல்மாடிச் சுவருக்குக் கீழே உத்தரம் இருக்கிறதா, வெறும் தளம்தானா என்பது வரைபடத்தில்தான் தெரியும்.

எட்டடி நான்கடியானால் என்ன ஆகும்? நீளத்துக்கும் அதே மூன்று உண்டு, எதிர்த்திசையில். நீளம் பாதியானால் தொய்வு எட்டில் ஒரு பங்காகிறது. நடைகூடத்தின் மேலே, நிறுத்தி வைத்த அதே இரண்டுக்கு ஆறு கட்டைகள் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் தொய்யும். 44-இலிருந்து 5-க்கு, 5-இலிருந்து அரைக்கு. புதிதாக ஒரு மரமும் வாங்கவில்லை. சொல்லப்போனால், நறுக்கியதில் பாதி மரம் மிச்சம்.

குத்தகையாளரின் உருளும் பயத்துக்கும் மருந்து இருக்கிறது. கட்டைகளின் இரு முனைகளிலும், அவற்றுக்கு நடுவே, அதே உயரத்தில் துண்டுக் கட்டைகளை இறுக்கமாகச் செருகி ஆணியடித்தார். மேலே கனமான ஒட்டுப்பலகையைத் திருகாணியால் முடுக்கியதும் நான்கும் ஒரே சட்டமாகிவிட்டன. உயரமான, மெல்லிய கட்டைக்கு இது கட்டாயம். உயரத்தைக் கூட்டிக்கொண்டே போய், அகலத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் கட்டை கீழ்நோக்கி வளைவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் முறுக்கிச் சரிந்துவிடும். விளிம்பில் நிறுத்திய அடிக்கோலை நீங்கள் இரு முனையிலும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததே, அதே காரணம்தான். உயரம் தரும் பலனைத் துண்டுக் கட்டைகள்தான் காப்பாற்றித் தருகின்றன.

இரும்பு உத்தரங்கள் ஏன் 'ஐ' எழுத்து வடிவில் இருக்கின்றன என்பதும் இப்போது விளங்கும். நடுவில் உள்ள இரும்பு அதிகம் வேலை செய்வதில்லை. ஆகவே அதை மெல்லியதாக்கி, மிச்சப்படுத்திய இரும்பை மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் கொண்டுபோய்விடுகிறார்கள். விளிம்புகள் அகலமாக இருப்பதால் எளிதில் சரிவதும் இல்லை.

இதே காரணத்தால்தான் குழாய் பதிப்பவர்களிடம் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஒரு வீட்டில், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்க்காகக் கட்டையின் அடிவிளிம்பில், சரியாக நடுப்பகுதியில், இரண்டு அங்குலத்துக்கு வெட்டி எடுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆறங்குலக் கட்டை அந்த இடத்தில் நாலங்குலமாகிவிட்டது. வலிமை பாதிக்கும் கீழே போயிற்று. வெட்டின் மூலையிலிருந்து இழையோடு ஒரு வெடிப்பும் கிளம்பியிருந்தது. குழாய் போயே ஆகவேண்டும் என்றால், கட்டையின் உயரத்தில் பாதி வரும் இடத்தில், சும்மா இருக்கும் அந்த நடு அடுக்கில், சிறிய துளையாகப் போட வேண்டும். எடை அதிகமாக வளைக்கும் நடுப்பகுதியில் அடிவிளிம்பைத் தொடவே கூடாது.

மரம் வாங்கும்போதும் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு ஆறு என்று விற்கப்படும் கட்டை, அறுத்து இழைத்த பிறகு 140 மில்லிமீட்டர்தான் இருக்கலாம். உயரத்தில் 7 விழுக்காடுதான் குறைவு என்று தோன்றும். விறைப்பில் 19 விழுக்காடு போய்விடுகிறது. மூன்று முறை பெருக்குவதால் வந்த லாபம், குறையும்போது மூன்று முறை பெருக்கி நட்டமாகவும் வரும்.

இன்னொன்று, நான் சொன்ன தொய்வுக் கணக்குகள் எல்லாம் தொட்டி நிரம்பிய முதல் நாளுக்கானவை. மரம் ஓய்வில்லாமல் சுமந்தால் மெல்ல மெல்ல இன்னும் தொய்யும். நாளும் எடை இறங்காத தண்ணீர்த் தொட்டியின் கீழ், சில ஆண்டுகளில் அது இரு மடங்கை நெருங்கலாம். ஈரம் காயாத பச்சை மரமாக இருந்தால் அதற்கும் மேல். அரை மில்லிமீட்டர் ஒன்றானால் யாருக்கும் தெரியாது. 44 என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தொட்டியின் அடி சமமாக உட்காராமல் ஒரு பக்கம் இழுபடும்; குழாய் மூட்டு கசியும்; கசிவில் மரம் ஊறும்; ஊறிய மரம் இன்னும் தொய்யும்.

உங்கள் வீட்டுத் தொட்டி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நூல் போதும். உட்கூரைத் திறப்பின் வழியே டார்ச்லைட்டோடு ஏறி, உட்கூரைப் பலகையில் கால் வைக்காமல் கட்டைகளின்மேல் மட்டும் நின்று, தொட்டியைத் தாங்கும் கட்டை ஒன்றின் அடிவிளிம்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நூலை இறுக்கிப் பிடியுங்கள். அது கஷ்டமாக இருந்தால் நீளமான நேர்கோல் ஒன்றை வைத்துப் பாருங்கள். நடுவில் கட்டை நூலைவிட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று அளந்து, கட்டையின்மேலேயே பென்சிலால் தேதியோடு எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். எண் அப்படியே இருந்தால் கட்டை தன் இடத்தில் அமர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கூடியிருந்தால், அல்லது முதல் அளவே எட்டடிக்கு 7 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், தொட்டியைப் பாதி வடித்துவிட்டு ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். அவர் வந்ததும் முதலில் பார்ப்பது, கட்டை படுத்திருக்கிறதா, நிற்கிறதா என்பதைத்தான்.